கதவை அழுத்திய பீம்: ராமமூர்த்தி நகர் வீட்டில் ஒரு பழுதுபார்ப்பு

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மாமாவின் வீட்டு ஹாலுக்கும் முன் வராண்டாவுக்கும் நடுவே நான்கு பலகை கொண்ட யுபிவிசி ஸ்லைடிங் கதவு ஒன்று இருக்கிறது. ஓரத்தில் இருக்கும்போது பலகை வழுக்கிக்கொண்டு போகும். நடுவுக்கு வந்தால் கத்தும், அப்புறம் நின்றுவிடும். கதவுக்காரர் இரண்டு தடவை வந்து சக்கரத்தை மாற்றினார், அடித்தண்டவாளத்தைச் சுத்தம் செய்து மெழுகு தடவினார். சில மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. மாமா என்னைக் கூப்பிட்டது கதவுக்காக அல்ல, கதவுக்கு மேலே இருக்கும் பீமுக்காக. "பீம் கீழே இறங்குதுன்னு கதவுக்காரன் சொல்றான்ப்பா, வீடு தாங்குமா பாரு" என்றார்.

வீட்டின் வரலாற்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். கீழ்த்தளம் 2012-இல் கட்டியது. கதவு பொருத்தியது அடுத்த வருடம். அப்போது பீமுக்கு மேலே வெறும் மொட்டை மாடி. 2015-இல் வாடகைக்கு விட மேல்தளம் எழுப்பினார்கள். வரைபடம் முதலிலேயே இரண்டு தளத்துக்குப் போட்டது, அதில் இந்தப் பீமின் மேல் சுவர் ஒன்றும் காட்டியிருக்கிறது. அதனால் யாரும் அனுமதியில்லாமல் பாரம் ஏற்றவில்லை. கதவு முரண்டு பிடிக்க ஆரம்பித்தது மேல்தளம் வந்த அடுத்த வருடம்.

பீமின் ஸ்பான், அதாவது இரண்டு தூணுக்கும் நடுவே உள்ள தூரம், 5.4 மீட்டர், கிட்டத்தட்ட 18 அடி. அளவு 9 அங்குலம் அகலம், 15 அங்குலம் ஆழம், அதாவது 230க்கு 380 மி.மீ. 15 அங்குலத்தை வரைபடத்தில் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கதவு உயரமாக வேண்டும், பீம் கீழே துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது என்று கேட்கும் வீடுகளில் ஆழத்தில்தான் கை வைப்பார்கள்.

முதலில் அளந்தேன். கண்ணால் பார்த்து பீம் தொய்ந்திருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் கண் பார்ப்பது பூச்சைத்தான். முதல் சந்தேகம் தூண் இறங்கிவிட்டதா என்பது. லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கத் தூணிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டேன். அந்தக் கோட்டிலிருந்து பீமின் அடிப்பக்கம்வரை இரண்டு முனையிலும் அளந்தால் ஒரே அளவு வந்தது. ஒரு தூண் இறங்கியிருந்தால் பீம் முழுவதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முனை இரண்டும் சமமாக இருந்து நடு மட்டும் கீழே வந்திருந்தால் அது பீமின் தொய்வு.

அடுத்து நூல். 20 மி.மீ. கனமுள்ள பிளைவுட் துண்டு இரண்டை முனைகளில் பீமின் அடியில் வைத்து, அவற்றின் கீழாக நைலான் நூலை இழுத்துக் கட்டினேன். தொய்வு இல்லாத பீமாக இருந்தால் எங்கே அளந்தாலும் நூலுக்கும் பீமுக்கும் 20 மி.மீ. இருக்கும். நடுவில் 6 மி.மீ. தான் இருந்தது. ஆக, நடுவில் தொய்வு 14 மி.மீ. கால் தூரத்தில், அதாவது முனையிலிருந்து 1.35 மீட்டரில், இரண்டு பக்கமும் 10 மி.மீ. தொய்வு. நூலும் தன் எடையில் கொஞ்சம் தொங்கும், ஆனால் நன்றாக இழுத்துக் கட்டினால் இந்தத் தூரத்தில் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு வராது.

அந்தக் கால் தூர அளவுதான் முக்கியம். பாரம் சீராகப் பரவிய பீம் வளையும்போது, கால் தூரத்தில் நடுத்தொய்வில் சுமார் 71 சதவீதம் இருக்க வேண்டும். 14-இல் 71 சதவீதம் 10. கொத்தனார் பூச்சை வளைவாகப் பூசியிருந்தால் இந்த விகிதம் இப்படி அச்சாக வந்து உட்காராது. பீம் நிஜமாகவே வளைந்திருக்கிறது.

இந்த 14 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பீமின் நடுத்தொய்வுக்கு எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் இது:

```
δ = 5 w L⁴ / (384 E I)
```

w என்பது மீட்டருக்கு எவ்வளவு பாரம், L ஸ்பான், E கான்கிரீட்டின் விறைப்பு, I பீமின் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு. M20 கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை IS 456 சொல்லும் E சுமார் 22,400 மெகாபாஸ்கல். I-ஐப் பொறுத்தவரை, கான்கிரீட்டின் அடிப்பாகம் இழுவையில் மயிரிழையாக விரிசல் விட்டுவிடும் என்பதையும், மேலே இருக்கும் ஸ்லாப் பீமோடு சேர்ந்து உதவும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று சரிக்கட்டி, இந்தப் பீமுக்கு வெறும் 230க்கு 380 செவ்வகத்தின் I-க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. போட்டு முடித்தால் கையில் கிடைப்பது ஒரு எளிய அளவு: இந்தப் பீமில் மீட்டருக்கு 100 கிலோ பாரம் கூடினால் நடுவில் சுமார் அரை மி.மீ. தொய்வு. தூண்கள் முனைகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும்.

இப்போது பாரம். இந்தப் பீமின் பங்குக்கு வரும் ஸ்லாப் அகலம் 2.5 மீட்டர். ஐந்து அங்குல ஸ்லாபும் பீமின் சொந்த எடையும் சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 930 கிலோ. இதனால் வரும் நாலரை மி.மீ. தொய்வை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் முட்டு எடுத்ததும் பீம் வளைந்துவிட்டது, கொத்தனார் அதற்கப்புறம்தான் அடியில் நூல் பிடித்து நேராகப் பூசினார். கதவும் அந்த நேரான பூச்சுக்குத்தான் பொருத்தப்பட்டது.

கதவு பொருத்திய பின் வந்த பாரம்தான் வில்லன். மேல்தளத் தரைக்கு சிமென்ட் கலவையும் டைல்ஸும் போட்டது மீட்டருக்கு 300 கிலோ. ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு, மீட்டருக்கு ஒரு டன். கட்டில் பீரோ சாமான் என்று எப்போதும் இருப்பது 200 கிலோ. மொத்தம் 1,500 கிலோ. ஆக, சுமார் 7 மி.மீ. கதவு வந்த பிறகு உடனடியாக வளைந்தது. மேல்தளக் கூரையின் எடையை நான் சேர்க்கவில்லை, அது தனிப் பீம் வழியாகத் தூணுக்குப் போகிறது.

மிச்சம் 7 மி.மீ.? அது க்ரீப். கான்கிரீட்டைத் தொடர்ந்து அழுத்தினால், பாரம் கூடாவிட்டாலும் அது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். சிமென்ட் நீரோடு சேர்ந்து உண்டாகும் நுண்ணிய ஜெல்லின் இடுக்குகளில் நீர் இருக்கிறது. அழுத்தத்தில் அந்த நீர் நகர்வதும், ஜெல்லின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதும்தான் இதற்குக் காரணம் என்று சொல்கிறார்கள். பீமின் மேற்பகுதி அழுத்தத்தில் இருக்கிறது, அது சுருங்கச் சுருங்க பீம் இன்னும் வளையும். கம்பி இப்படிச் சுருங்குவதில்லை. அதனால்தான் பீமின் மேல்பக்கம் இரண்டு நல்ல கம்பி போட்டிருந்தால் பல வருடத் தொய்வு கணிசமாகக் குறைகிறது. இதோடு காய்ந்து சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது: அடியில் கம்பி அதிகம், அது சுருங்க விடாது, மேலே கம்பி குறைவு, அங்கே சுதந்திரமாகச் சுருங்கும். அதனாலும் பீம் கீழ்நோக்கியே வளைகிறது.

எவ்வளவு என்பதில் கணக்கு முறைகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. IS 456 முறையில் போட்டபோது க்ரீப்பும் சுருக்கமும் சேர்ந்து 5 மி.மீ. வந்தது. அமெரிக்கத் தரநிலையின் எளிய பெருக்கு முறையில் போட்டால், உடனடித் தொய்வின் மேல் இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேலேயே போனது. நடைமுறையில் இதற்கு நடுவில் எங்கேயோ வரும், தொய்வுக் கணக்கில் 30 சதவீதம் முன்பின் என்பது சகஜம். இரண்டு தசம இலக்கத்தில் தொய்வை எழுதித் தரும் மென்பொருளை நான் அந்தத் தசமங்களுக்காக நம்புவதில்லை.

க்ரீப்பின் அளவைத் தீர்மானிப்பதில் கான்கிரீட் எத்தனை நாள் வயதில் பாரம் ஏற்றுக்கொண்டது என்பது பெரிய பங்கு. IS 456 இதற்குக் கொடுக்கும் குணகம் 7 நாளில் 2.2, 28 நாளில் 1.6, ஒரு வருடத்தில் 1.1. அதாவது இளங்கான்கிரீட்டில் ஏற்றிய பாரம், ஒரு வருடம் ஆறியதில் ஏற்றிய பாரத்தைப் போல் இரண்டு மடங்கு க்ரீப்பைக் கொண்டுவரும். அதே தரநிலை 6 மீட்டர்வரை ஸ்பான் உள்ள பீமுக்கு முட்டு 14 நாள் இருக்க வேண்டும் என்கிறது. கட்டும்போது வேலை பார்த்த மேஸ்திரி தர்மபுரிக்காரர், இப்போதும் அதே ஏரியாவில்தான் இருக்கிறார். கேட்டதற்குச் சிரித்தார். "சார், ஜாக்கி அடுத்த சைட்டுக்குப் போகணும்னு சொல்லிட்டாங்க, பத்து நாள்ல எடுத்துட்டோம்." பத்து நாளில் எடுத்ததால் பீம் உடையவில்லை, அந்த வயதில் சொந்த எடையைத் தாங்கும் வலு வந்திருக்கும். ஆனால் அந்த அவசரத்தின் விலை பின்னாடி வரும், மெதுவாக.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். வீடு தாங்குமா? பூச்சைச் சில இடத்தில் தட்டி எடுத்து கான்கிரீட்டைப் பார்த்தேன். நடுவில் அடிப்பக்கம் செங்குத்தாகச் சில மயிரிழை விரிசல், விரிசல் அட்டையில் வைத்துப் பார்த்தால் 0.2 மி.மீ.க்குள். வளையும் பீமில் இது இருக்க வேண்டியதுதான், IS 456 பொதுவாக 0.3 வரை விடுகிறது. நான் பயந்து தேடியது வேறு: தூணுக்குப் பக்கத்தில் 45 டிகிரியில் சரிந்து போகும் விரிசல். அது வெட்டு விசை விரிசல், இருந்தால் கதவு வேலையை விட்டுவிட்டு முட்டுக் கொடுத்திருப்பேன். இல்லை. துருக்கறையும் இல்லை, சுத்தியலால் தட்டினால் எங்கும் வெற்றுச் சத்தம் கேட்கவில்லை.

மாடியில் ஒரு தடயம் கிடைத்தது. சுவரின் அடியில், ஸ்கர்ட்டிங்கை ஒட்டி, நடுப்பகுதியில் மட்டும் கிடையாக ஒரு விரிசல். விசிட்டிங் கார்டு உள்ளே போகிறது, முனைகளுக்குப் போனால் மூடிக்கொள்கிறது. குடியிருப்பவர்கள் சுவர் பெயர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பீம் கீழே போகப் போக, விறைப்பான சுவர் அதோடு வளைய முடியாமல் வளைவுபோல் தன்னைத் தானே தாங்கி இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்துவிட்டது. அப்படியென்றால் சுவரின் எடை இப்போது முழுவதும் நடுவில் இல்லை, நான் போட்ட கணக்கைவிட பீமுக்கு நிலைமை கொஞ்சம் சுலபம்.

சுவர், கதவு போன்றவை வந்த பிறகு ஏற்படும் தொய்வுக்கு IS 456 வைக்கும் எல்லை ஸ்பானில் 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இதில் எது குறைவோ அது. 5,400-ஐ 350-ஆல் வகுத்தால் 15.4 மி.மீ. அளந்தது 14. பீம் தரநிலைக்குள்ளேயே இருக்கிறது! ஆனால் யுபிவிசி கதவின் பலகைக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளி 6 மி.மீ. தான். தரநிலையை எழுதியவர்கள் சுவர் பிளக்காமல் இருப்பதை நினைத்து எல்லை வைத்தார்கள். கதவு செய்தவர் மேலே இருப்பது அசையாது என்று நினைத்து இடைவெளி வைத்தார். இருவருக்கும் நடுவில் பேச ஒரு ஆள் இல்லை. 15 அடிக்கு மேல் அகலமான கதவு வைக்கும் வீடுகளில் இந்தக் குளறுபடியை நான் அடிக்கடி பார்க்கிறேன், பழியெல்லாம் சக்கரத்தின் மேல் போகிறது.

"18 அங்குலம் போட்டிருந்தா இது வந்திருக்காதா?" என்று மாமா கேட்டார். விறைப்பு ஆழத்தின் மூன்றாம் அடுக்கில் பெருகும். 15-ஐ 18 ஆக்கினால் விறைப்பு 1.7 மடங்குக்கு மேல். அடிஸ்கேலைப் படுக்கவைத்து வளைப்பதற்கும் நிமிர்த்தி வைத்து வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அகலத்தை அதே அளவு கூட்டினால் 1.2 மடங்குதான் கிடைக்கும். 14 மி.மீ. சுமார் 8 ஆகியிருக்கும். ஸ்பான் இன்னும் கறார், தொய்வு அதன் நான்காம் அடுக்கில் பெருகும்: 18 அடிக்குப் பதில் 15 அடியில் தூண் நின்றிருந்தால் அதே பாரத்துக்குத் தொய்வு பாதிக்கும் கீழே. மூன்றடி அதிகத் திறப்புக்கு வீடு கொடுத்த விலை அது. ஆனாலும் 8 மி.மீ. என்பது 6-ஐ விட அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஆழமான பீம் போட்டிருந்தாலும் அந்தக் கதவு இறுகியிருக்கும், கொஞ்சம் தாமதமாக.

இனி வேலை. ஜாக்கி வைத்து பீமைத் தூக்கிவிடலாம் என்று கதவுக்காரர் சொன்னார். கூடவே கூடாது. க்ரீப் ஆன கான்கிரீட் பழைய நிலைக்குத் திரும்பாது, வலுக்கட்டாயமாக நடுவில் தூக்கினால் மேல்பக்கம் இழுவை வந்து, கம்பி குறைவான அந்த இடத்தில் விரிசல் விழும், மாடி டைல்ஸும் எழும்பும். இரும்பு ஐ-பீம் ஒன்றை அடியில் கொடுக்கலாம், ஆனால் இறுக்கி ஆப்பு அடித்தால்தான் அது பாரம் வாங்கும், தலை இடிக்கும் உயரமும் போய்விடும். மாடிச் சுவரை இடித்து ஜிப்சம் பலகைச் சுவர் போட்டாலும் உடனடித் தொய்வில் ஒரு பகுதிதான் மீளும். பீமில் குறை இல்லை. சரி, கதவின் தலைப்பகுதியை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு தெம்பும் இருந்தது. க்ரீப் சீரான வேகத்தில் போவதல்ல. அமெரிக்க முறையின் அட்டவணைப்படி, ஐந்து வருடத்தில் வருவதில் பாதி முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது. சுவர் ஏறிப் பல வருடம் ஆகிவிட்டதால் மிச்சம் ஒன்றோ இரண்டோ மி.மீ. தான். உறுதிப்படுத்திக்கொள்ள நூல் அளவை வெயில் காலத்தில் ஒரு தடவையும் மழை முடிந்து ஒரு தடவையும் எடுத்து ஒப்பிட்டேன். வித்தியாசம் டேப்பில் படிக்கும் அளவுக்கு இல்லை. மேல்தளம் கட்டிய முதல் வருடத்திலேயே இதே பழுதைச் செய்திருந்தால் திரும்பவும் இறுகியிருக்கும்.

பலகைகளைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. இந்த மாதிரிப் பலகையை மேல் பள்ளத்துக்குள் தூக்கி, அடியை வெளியே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். தூக்குவதற்கு இருக்க வேண்டிய அந்த இடைவெளியைப் பீம் சாப்பிட்டுவிட்டதே. நடுவில் நின்ற பலகையின் சக்கரத்தை அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவால் முழுவதும் உள்ளே இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டித் தூண் பக்கம் நகர்த்தி, அங்கே தூக்கி எடுத்தோம். பலகையின் மேல் விளிம்பில் நடுப்பகுதி தேய்ந்து பளபளவென்று இருந்தது, முனைப் பகுதி புதுசுபோல்.

மேல் சட்டத்தை இரண்டடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுப் பீமோடு இறுக்கியிருந்தார்கள். சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே நுரை அடித்து, மேலே பூசியும் விட்டார்கள். பீம் இறங்கினால் சட்டமும் சேர்ந்து இறங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஸ்க்ரூக்களை எடுத்து, நுரையை அறுத்து, சட்டத்தைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டு, பீமின் அடிப்பூச்சை மட்டும் உளியால் எடுத்தோம். பூச்சு 15 மி.மீ. இருந்தது, எங்களுக்குத் தேவையான இடம் அதுவே. மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: கான்கிரீட்டில் உளி படக்கூடாது. கம்பிக்கு மேல் இருக்கும் 25 மி.மீ. கவர்தான் அதைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது, அதிலிருந்து இடம் திருடக்கூடாது.

வளைந்திருந்த சட்டத்தைத் திரும்ப நேராக்கி, ரசமட்டம் வைத்து, இரண்டு பக்க நிலைச்சட்டத்தோடு மட்டும் உறுதியாகப் பிணைத்தோம். நடுவில் பீமுக்கும் சட்டத்துக்கும் 8 மி.மீ. வெற்றிடம் விட்டோம். மிச்சம் வரக்கூடிய க்ரீப்புக்கு 2, மாடியில் ஆள் கூடினால் வரும் தொய்வுக்கு 2, மீதி கைவேலையின் முன்பின்னுக்கு. ஆனால் சட்டத்தை மேலே சும்மா விட்டால் காற்று தள்ளும்போது நடு ஆடும். அதற்கு எல் வடிவ கிளிப் மூன்று: ஒரு கால் பீமில் ஆணி பிடிக்கும், இன்னொரு காலில் செங்குத்தாக நீண்ட துளை, அதில் சட்டத்தின் ஸ்க்ரூ வாஷரோடு இறுகாமல் நிற்கும். பீம் மேலும் கீழும் போகலாம், சட்டம் உள்ளே வெளியே போக முடியாது. இந்த ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் மொத்த வேலையும் வீண், அதனால் கதவுக்காரரின் பையன் டிரில்லோடு வந்தபோது பக்கத்திலேயே நின்றேன்.

வெற்றிடத்தில் நுரைக்கயிறு திணித்து, இரண்டு பக்கமும் சிலிகான் அடித்தோம். வெள்ளை சிமென்ட் வைத்து அழகாகப் பூசிவிடலாம் என்று பெயின்டர் கேட்டார், வேண்டாம் என்றேன். அது இறுகினால் மறுபடியும் பீம் சட்டத்தின் தலையில் உட்காரும். தெரிவது பிடிக்காவிட்டால், பீமில் மட்டும் ஒட்டிய மெல்லிய பட்டை ஒன்று கீழே தொங்கி மறைக்கட்டும். மாடியில் சுவரடி விரிசலையும் அதேபோல் வளையும் சீலண்டால் அடைத்து, ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் மட்டும் ஒட்டினோம்.

பொங்கலுக்கு மாடியில் குடியிருப்பவர்களின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, கீழே கதவை நடுவில் நிறுத்தி இழுத்துப் பார்த்தேன். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே 6 மி.மீ. துண்டு தாராளமாகப் போய் வந்தது.

அப்போதே மாமா இன்னொரு தளம் எடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தார். வரைபடம் இரண்டு தளத்துக்குத்தான், தூணையும் அஸ்திவாரத்தையும் கணக்குப் பார்க்காமல் ஒரு கல் வைக்கக் கூடாது என்றேன். இந்தப் பீமுக்கு நேர் மேலே மாடியில் தண்ணீர்த் தொட்டியோ கிரானைட் மேடையோ வைப்பதானாலும் முதலில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மீட்டருக்கு 100 கிலோவுக்கு அரை மி.மீ. என்ற கணக்கை அவர் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார்.